திராட்சைக் கையும் 286 என்ற எண்ணும்

வண்ணாரப்பேட்டையில் பழக்கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு, வெறும் வயிற்றில் சர்க்கரை 286 என்று பக்கத்துக் கிளினிக்கில் எழுதிக் கொடுத்து, இரவு இன்சுலினைக் கூட்டவும் சொல்லிவிட்டார்கள். வீட்டு மீட்டரில் காலை அளவு 120, 140 என்றுதான் வந்துகொண்டிருந்தது. கோயம்பேட்டிலிருந்து வந்த திராட்சைப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிவிட்டு அப்பா நேராகக் கிளினிக்குக்கு வந்தவர் என்பதால், எனக்குச் சந்தேகம் எண்ணின் மேல் அல்ல, அவருடைய விரலின் மேல்தான் எழுந்தது.

கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்க்கலாமா என்று கேட்டபோது, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகுதானே குத்தினேன் என்று அங்கிருந்த பெண் சலித்துக்கொண்டார். குத்தும் இடத்தில் கிருமியைக் குறைக்க ஸ்பிரிட் உதவும்; ஆனால் சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் ஸ்பிரிட்டில் கரையாது என்பதால், அந்தப் பஞ்சு பழச்சாற்றை முழுவதும் எடுப்பதில்லை. இதை விளக்கியும் பயனில்லை. இன்னொரு ஸ்ட்ரிப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள், கட்டினேன். வெளியே குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, தோளில் கிடந்த துண்டிலும் சாறு பட்டிருந்ததால் என் கைக்குட்டையைத் துடைக்கக் கொடுத்தேன். வேறொரு விரலில் குத்தியபோது வந்தது 134. மருத்துவர் இரண்டு சீட்டுகளையும் பார்த்துவிட்டு, கூட்டி எழுதிய இன்சுலின் அளவைப் பேனாவால் அடித்து நீக்கிவிட்டார். 286-ஐ நம்பி ஊசி போட்டிருந்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து போயிருக்கலாம்.

இத்தனை வித்தியாசம் வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 134 என்பது ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 134 மில்லிகிராம் குளுக்கோஸ். ஆனால் ஸ்ட்ரிப் உறிஞ்சுவது ஏறக்குறைய அரை மைக்ரோலிட்டர் இரத்தம்தான். அதில் இருக்கும் குளுக்கோஸ் ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. தோலில் காய்ந்த சாற்றிலிருந்து முக்கால் மைக்ரோகிராம் அதில் கலந்தாலே 134 என்பது 286 ஆகிவிடும். ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி குளுக்கோஸைத்தான் பிடிக்கும். திராட்சைச் சாற்றிலோ அது தனியாகவே நிறைய இருக்கிறது.

கழுவிய கையை நன்றாக உலர்த்துவதும் முக்கியம், ஈரம் இரத்தத்தை நீர்க்கச் செய்து அளவைக் குறைத்துக் காட்டும். விரலின் நுனி நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. சொட்டு வராவிட்டால் கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து மெல்ல நீவலாம். நுனியைப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் முதல் சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுப்பதுண்டு, ஆனால் பழம் தொட்ட கைக்கு அதையும் முழுமையாக நம்ப முடியாது. கழுவி உலர்த்திய விரலிலும் எண் உயர்ந்தே வந்தால் அது உண்மையான உயர்வாகவே இருக்கக்கூடும். அப்போது ஆய்வகத்தில் நரம்பில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.