சோக் விளக்கு அணையாதபோது: பழைய மினி காரில் செய்து பார்த்தது

கார்புரேட்டர் வைத்த பழைய கார்களின் டேஷ்போர்டில், குழாய் ஒன்றின் இரு சுவர்களுக்கு நடுவே சாய்ந்து நிற்கும் தகடு போன்ற படத்துடன் மஞ்சள் நிற விளக்கு ஒன்று இருக்கும். குளிரில் வண்டியைக் கிளப்ப, காற்றோடு சேரும் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக் குமிழை இழுத்தால் அது எரியும். எந்திரம் சூடேறிய பின் குமிழை உள்ளே தள்ளினால் அணைய வேண்டும். இங்கிலாந்தில் நான் வைத்திருக்கும் 1986ஆம் ஆண்டின் 998 சிசி மினி மேஃபேரில், குமிழை முழுவதும் தள்ளிய பிறகும் இந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதைச் சரிசெய்தபோது கண்டவற்றை, கார்புரேட்டர் வேலைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த விளக்குக்கும் கார்புரேட்டருக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை என்பதுதான். குமிழுக்குப் பின்னால், சோக் கேபிளின் மேலுறையில் பொருத்தப்பட்ட சிறு சுவிட்சுதான் விளக்கை எரிய வைக்கிறது. குமிழ் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பது மட்டுமே அந்தச் சுவிட்சுக்குத் தெரியும். ஆகவே சோக் முழுவதும் விடுபட்டிருந்தும் விளக்கு எரியலாம். விளக்கு அணைந்திருந்தும் கார்புரேட்டரில் சோக் பாதி இழுபட்டே நிற்கலாம். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. விளக்கு தொல்லை செய்கிறது என்று பல்பைக் கழற்றிவிடுவதை நான் கடுமையாக எதிர்ப்பதும் இதனால்தான்.

மினியில் இருப்பது எஸ்.யூ. எச்.எஸ்.4 கார்புரேட்டர். ஒரு காலத்தில் அம்பாசடர் கார்களிலும் எஸ்.யூ. வகைதான் இருந்தது. சோலெக்ஸ், வெபர் போன்ற வேறு வகைக் கார்புரேட்டர்களில் மேல்வாயைத் திறந்து பார்த்தால் காற்றை அடைக்கும் தகடு தெரியும். சோக்கை விட்டதும் அது நெட்டாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். எஸ்.யூ.வில் அப்படித் தகடு கிடையாது. அதில் பெட்ரோல் ஒரு ஜெட்டின் வழியாக மேலேறுகிறது, அந்த ஜெட்டுக்குள் கூம்பு வடிவ ஊசி ஒன்று தொங்குகிறது. சோக் குமிழை இழுக்கும்போது முதலில் சிறிது தூரம் வரை கேம் என்னும் மேடுள்ள சிறு தகடு திரும்பி, ஐடில் வேகத்தை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எந்திரம் ஓடும் வேகத்தை, மட்டும் கூட்டுகிறது. அதற்கு மேலும் இழுத்தால்தான் ஜெட் கீழே இறங்குகிறது. ஊசியைச் சுற்றி இடைவெளி அகலமாகி, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. சோக் விடுபடவில்லை என்றால் இந்த இரண்டில் எது விடுபடவில்லை என்று பிரித்தறிவதுதான் வேலையின் பாதி.

எந்திரம் நன்றாக ஆறிய பிறகே இதைப் பார்க்க வேண்டும். மினியில் கார்புரேட்டர் எந்திரத்துக்கும் எந்திர அறையின் பின்சுவருக்கும் இடையே இருப்பதால், சற்றுமுன் ஓடிய வண்டியில் கையை விட்டால் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு சுட்டுவிடும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, குமிழை முழுவதும் உள்ளே தள்ளி, டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் அடிப்பகுதியைப் பார்த்தேன். அங்கே அறுகோண நட்டு ஒன்றும், அதன் கீழே ஜெட்டின் தலையும் உண்டு. மெல்லிய நைலான் குழாய் ஒன்று ஜெட்டின் தலைக்கு மிதவைக் கிண்ணத்திலிருந்து வருகிறது. சோக் விடுபட்டிருந்தால் ஜெட்டின் தலை நட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையே வெளிச்சம் தெரிந்தால் ஜெட் கீழே இறங்கியே இருக்கிறது என்று பொருள். விரலால் மெதுவாக மேலே தள்ளும்போது அது ஏறி ஒட்டிக்கொண்டால், துருவோ அழுக்கோ பிடித்து ஜெட் சிக்கியிருக்கிறது, அல்லது அதை மேலே இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

என் வண்டியில் ஜெட் நட்டோடு ஒட்டியே இருந்தது. ஆனால் கேம் தள்ளும்போது ஐடிலைக் கூட்டும் வேக ஐடில் திருகின் முனை கேமின் மேல் ஏறி நின்றது. அந்த இரண்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருந்திருக்க வேண்டும். சூடான பின் நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்றில் நிற்க வேண்டிய ஐடில் ஆயிரத்துக்கு மேல் நின்றதற்குக் காரணம் இதுவே. கேமை விரலால் அழுத்தியபோது அது எளிதாகத் தன் இடத்துக்குத் திரும்பியது, கையை எடுத்ததும் மறுபடி சற்றே மேலே வந்தது. கார்புரேட்டரில் சிக்கல் இல்லை, கேபிள்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று.

கேபிளைத் தொடர்ந்து பார்த்தால், பின்சுவரைத் தாண்டும் இடத்தில் அது மிகக் கூர்மையாக வளைந்திருந்தது. கார்புரேட்டர் முனையில் இருக்கும் திருகைத் தளர்த்தி உள்கம்பியை வெளியே உருவினேன். வளைவு இருந்த இடத்தில் கம்பி பழுப்பேறி, விரலால் தடவினால் சொரசொரத்தது. துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி உள்ளே விட்டு, மேலுறையை அகன்ற வளைவாகத் திருப்பிக் கட்டினேன். மறுபடி முடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குமிழ் முழுவதும் உள்ளே இருக்கையில் கம்பியைத் தெறிப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. கேம் அசையத் தொடங்குமுன் கம்பியில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்க வேண்டும். அது இல்லையென்றால், எந்திரம் தன் தாங்கிகளில் அசையும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு ஐடில் ஏறி இறங்கும்.

ஐடில் சரியாகிவிட்டது. விளக்கோ இன்னும் எரிந்தது. குமிழுக்குப் பின்னால் கையை விட்டு, சுவிட்சிலிருந்து ஒரு வயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது. வயர் எங்கும் உரசி உடலோடு ஒட்டவில்லை, சுவிட்சுதான் மூடியே இருக்கிறது என்பதற்கு இது போதுமான சான்று; கழற்றிய பிறகும் எரிந்திருந்தால் வயரைத்தான் தேட வேண்டியிருக்கும். சுவிட்சின் கிளிப் கேபிளின் மேல் சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்ததால், குமிழ் உள்ளே வந்தது அதற்கு எட்டவில்லை. கிளிப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளி இறுக்கிய பின், குமிழ் கடைசி வரை உள்ளே போனதும் விளக்கு அணைந்தது.

பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையும் சரியா என்பதை எந்திரம் சூடாக ஓடும்போது சோதித்தேன். வண்டி திறந்த வெளியில் நிற்பது கட்டாயம். மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். ஜெட்டுக்குள் தொங்கும் ஊசியைத் தாங்குவது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன்; அதைத் தூக்கும் சிறு கம்பி ஒன்று கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கிறது. அந்தக் கம்பியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். குறைந்து தடுமாறினால் பெட்ரோல் போதாது. நொடிப் பொழுது சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. என் வண்டி மூன்றாவதைக் காட்டியது.

வழியில் விளக்கு அணையாவிட்டால் புதியவர் என்ன செய்வது என்று கேட்டால், குமிழைச் சுழற்றிப் பார்க்கச் சொல்வேன். மினியில் அதைத் திருப்பிப் பூட்டும் அமைப்பு உண்டு, பூட்டு விடுபடாமல் தள்ளினால் உள்ளே போகாது. அடுத்து ஐடிலைக் கேட்க வேண்டும். வழக்கமான ஓசை, கறும்புகை இல்லை, பெட்ரோல் நாற்றம் இல்லை என்றால் கோளாறு சுவிட்சில்தான் இருக்கக்கூடும். வீடு வரை ஓட்டலாம். ஐடில் மட்டும் கூடியிருந்தால் பிரேக்கில் கவனம் வைத்து மெதுவாகப் போய்ச் சேரலாம். எக்சாஸ்ட்டில் கறும்புகை வந்து எந்திரம் இழுத்து இழுத்து ஓடினால் ஜெட் இறங்கியே இருக்கிறது. அப்படி நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே எண்ணெயோடு கலந்துவிடும். பிறகு டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்: பெட்ரோல் வாடை வீசினாலோ, எண்ணெய் அளவு முன்பைவிட உயர்ந்திருந்தாலோ, சோக்கைச் சரிசெய்ததோடு நிறுத்தாமல் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, கரி படிந்த ஸ்பார்க் பிளக்குகளைத் துலக்கிவிட வேண்டும்.