"மேலத்தோட்டம்" என்று எழுதியதால் நின்றுபோன பில்

மன்னார்குடிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன். 31,860 ரூபாய் பில் ஒன்றுக்குப் பணம் வர எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. குறை முழுவதும் பில்லில் நான் எழுதிய இரண்டு வரிகளில்தான் இருந்தது.

ஒரு விதை நிறுவனத்தின் பண்ணையில் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார்கள் இரண்டைத் தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்கிக் கொடுத்தோம். மார்ச் 27-இல் வேலை முடிந்தது. பண்ணை மேலாளரும் சர்வீஸ் சீட்டில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 4-ஆம் தேதி பில்லில் நான் எழுதியது இவ்வளவுதான்: "மேலத்தோட்டம் மோட்டார் வேலை, காப்பர் கம்பி 9 கிலோ – 18,000"; "கூலி – 9,000". இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4,860.

இரண்டு வாரம் கழித்து "விவரம் தேவை" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. என்ன விவரம் என்று அதில் இல்லை. கையெழுத்துத்தான் கேட்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, சர்வீஸ் சீட்டோடு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். அங்கிருந்த கணக்கர் சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "சீட்டு சரிதாங்க, உங்க பில்லில் இருக்கிறது எதுவும் ஆர்டரில் இல்லையே" என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

பர்ச்சேஸ் ஆர்டரில் 10-ஆம் வரி ரீவைண்டிங், 2 எண்ணம், தலா 9,000. 20-ஆம் வரி தூக்கி இறக்குதல், 2 எண்ணம், தலா 4,500. தொகை ஒத்துப்போனாலும், எண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் நான் கிலோ போட்டிருந்ததால் அவர்களுடைய மென்பொருள் அதைப் பொருத்த மறுத்தது. நாங்கள் மேலத்தோட்டம் என்று சொல்லும் இடம் அவர்கள் பட்டியலில் "பிளாக் 3". பில் ஏப்ரலில் இருக்க வேலைத் தேதியும் இல்லாததால், செலவு எந்த நிதியாண்டைச் சேரும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

திருத்திய முதல் வரி இது: "ஆர்டர் வரி 10: நீர்மூழ்கி மோட்டார் ரீவைண்டிங், 7.5 எச்.பி., பிளாக் 3, போர் 3ஏ மற்றும் 3பி; வேலை முடிந்தது 27 மார்ச்; சர்வீஸ் சீட்டு 118; 2 எண்ணம் × 9,000 = 18,000." கூலி என்ற பொதுச் சொல்லை விட்டுவிட்டு, இரண்டாவது வரியில் ஆர்டரில் உள்ளபடி "தூக்கி இறக்குதல்" என்றே எழுதினேன். கம்பியின் எடை எனக்கு வேண்டிய கணக்கு என்பதால் அது சர்வீஸ் சீட்டோடு நின்றுவிட்டது.

மே 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கை ஏற்றும் முன்பே திருத்திவிட்டதால் கிரெடிட் நோட் போடும் வேலை மிச்சமாயிற்று. ஆனால் பணம் வந்தது மே 23-இல். அந்த 4,860 ரூபாய் வரியை 20-ஆம் தேதியே கைக்காசிலிருந்து கட்டியிருந்தேன்.

இப்போது பண்ணையின் போர்ப் பட்டியல் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மோட்டாரைத் தூக்கும்போதே பையன் சர்வீஸ் சீட்டில் நம்முடைய பெயரையும் அவர்களுடைய எண்ணையும் சேர்த்து எழுதிவிடுகிறான். ஜூன் மாத பில் ஒரு மின்னஞ்சல்கூட இல்லாமல் ஒன்பது நாளில் பாஸானது.