இடது கைக் குறிப்புகள்

மார்ச் 3
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம். இடது கட்டைவிரலால் தட்டுகிறேன். இந்த நாலு வார்த்தைக்கே கால் மணி நேரம்.

மார்ச் 4
மச்சான் வந்துவிட்டான். காலை நாலரைக்கு பாய்லர் பற்றவைத்தான். எனக்குக் கடையில் இனி பெஞ்சில் உட்காருகிற வேலை.

மார்ச் 6
இருபத்திரண்டு வருஷத்தில் என் கடையை இந்தப் பக்கமிருந்து பார்த்ததே இல்லை. பெஞ்சிலிருந்து பார்த்தால் எதிர்க்கடைதான் முதலில் தெரிகிறது. அவர் கடையில் ஏழு மணிக்கு ஒன்பது பேர், என் கடையில் பதினான்கு பேர். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன்.

மச்சானுக்கு ஆற்றத் தெரியவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்குகிறான், டீ நூல் மாதிரி இறங்காமல் தெறிக்கிறது. ஒரு ஆத்து குறைந்தாலும் என் டீ என் டீ இல்லை. "அத்தான், நீங்க பாக்காம இருந்தா நல்லா வருது" என்கிறான்.

மார்ச் 7
பாய்லருக்குள் நாணயம் கிடக்கிறது, அப்பா போட்டது. 2011-ல் செல்லாமல் போன நாலணா. தண்ணீர் கொதித்தால் அடியில் கிடந்து கலகலவென்று ஆடும். மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம், காது போதும். படுக்கையில் கிடந்தபடி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கடை இருப்பது இரண்டு தெரு தள்ளி, எப்படிக் கேட்கும்?

மார்ச் 9
ரோட்டைத் தோண்டிவிட்டார்கள். எதிர் வரிசைக்குப் புதுக் குழாய் போடுகிறார்களாம். தோண்டியதில் எங்கள் வரிசைக் குழாய் போய்விட்டது. "ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று ஒருவர் சொன்னார். தேதி எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10
கட்டுக்குள் அரிக்கிறது. குடைக்கம்பி.

மார்ச் 14
டிரம்மில் இருந்த சீவலப்பேரி ஆற்றுத் தண்ணீர் தீர்ந்தது. எட்டு நாளுக்கு ஒருமுறை, அதுவும் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு வரும் தண்ணீர். பிடித்து வைப்பது பெண்டாட்டி வேலை, நான் அந்த நேரத்தில் எழுந்ததில்லை. நாளையிலிருந்து தெருமுனைத் தொட்டியில் போர்த் தண்ணீர். தொட்டி எங்கள் பக்கம்தான் இருக்கிறது, அது ஒரு சௌகரியம்.

மார்ச் 16
கண்டக்டர் பாதி கிளாஸை வைத்துவிட்டுப் போனார். மச்சான் கைதான் காரணம்.

மார்ச் 17
தீப்பெட்டி ஆபீஸ் அக்காக்கள் நாலு பேர் ரோட்டைத் தாண்டி எதிரே போனார்கள். போகும்போது என் கட்டைப் பார்த்து "எப்பண்ணே பிரிப்பாங்க?" என்று கேட்டுவிட்டே போனார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு சந்தோஷம்தான் வந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன். என் கை இல்லாவிட்டால் இந்தக் கடை இல்லை என்று ஊருக்கே தெரிகிறது, இல்லையா?

மார்ச் 18
எதிர்க்கடையில் போர்டு: "சீவலப்பேரித் தண்ணீரில் தயாரித்த டீ." சிவப்பு எழுத்து. புதுக் குழாய் வந்த மூன்றாவது நாளே.

தார்ப்பாய் விஷயத்துக்குப் பிறகு நான் அவரோடு பேசி பதினோரு வருஷம். இன்று பேசியிருப்பேன். கை இப்படி இருப்பதால் விட்டேன்.

மார்ச் 20
தூக்கம் இல்லை. இவள் நன்றாகத் தூங்குகிறாள். தண்ணீர் பிடிக்க எழ வேண்டாமே.

மார்ச் 22
இன்று நானே ஒரு கிளாஸ் வாங்கி, குடிக்காமல் பெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறினதும் மேலே ஒரு படலம் வந்தது. பால் ஆடை இல்லை, ஆடை என்றால் வெள்ளையாகச் சுருங்கும். இது பழுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. ஊதினால் தட்டு தட்டாக உடைந்தது. குடித்து முடித்தால் கிளாஸில் ஒரு வளையம் ஒட்டியிருக்கிறது, விரலால் தேய்த்தாலும் போகவில்லை. டீயின் நிறமும் சரியில்லை. கறுத்திருக்கிறது, ஆனால் சிவப்பு இல்லை, மணமும் மேலே வரவில்லை.

மச்சானிடம் தூளைக் கூட்டிப் போடச் சொன்னேன். இரண்டு கரண்டிக்கு மூன்று கரண்டி. இன்னும் கறுத்தது. மணம் அப்படியேதான். ஆற்றுகிற கைக்கும் படலத்துக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 23
இவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "போர்த் தண்ணில பருப்பே வேகாது. டீ மட்டும் எப்படி வேகும்?"

மார்ச் 24
எதிர்க்கடையிலும் கூட்டம் இல்லை. ஏழு மணிக்கு ஐந்து பேர். போர்டு இருக்கிறது, ஆள் இல்லை. என் அக்காக்கள் இன்று எங்கேயும் குடிக்காமல் போய்விட்டார்கள்.

மார்ச் 25
சோதித்துப் பார்த்தேன். எட்டு நாள் முறைத் தண்ணீர் ஒரு செம்பு, பக்கத்துத் தெருவில் கடன் வாங்கியது. தொட்டித் தண்ணீர் ஒரு செம்பு. இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, ஒரே பாக்கெட் தூள், தலைதட்டி ஒரே கரண்டி, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம், பால் சர்க்கரை இல்லாமல் கட்டன்.

ஆற்றுத் தண்ணீர் டீயில் கிளாஸுக்குப் பின்னால் என் விரல் தெரிந்தது. செம்மண் நிறம், மணம் மூக்குக்கு வந்தது. தொட்டித் தண்ணீர் டீ கலங்கலாக, ஐந்தாவது நிமிடம் படலத்தோடு நின்றது. அதில் எலுமிச்சை பிழிந்தேன். படலம் கரைந்து போனது, நிறமும் வெளுத்தது. இந்தக் கரிசல் காட்டின் அடித்தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு புளிப்புக்குக் கரைகிறது, அவ்வளவுதான். டீயில் இறங்க வேண்டியதைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு மேலே படலமாக நிற்கிறது.

மூன்றாவது கிளாஸ் ஒன்றும் வைத்திருந்தேன். அதே ஆற்றுத் தண்ணீர் டீ, மச்சான் தெறிக்கத் தெறிக்க ஆற்றியது. நன்றாகவே இருந்தது.

மார்ச் 26
எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 27
இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை எட்டு நாள் என்று கணக்குப் போட்டேன். ஆயிரம் ராத்திரி. ராத்திரிக்கு முப்பது குடம். குடத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்காமல் வைப்பாள், எனக்கு நாலு மணிக்கு எழ வேண்டும் என்று. இவளிடம் இதைச் சொல்லப் போனேன். "கரண்டு பில் கட்டியாச்சா?" என்றாள். கட்டவில்லை.

மார்ச் 29
பாய்லர் கொதிக்கிறது, நாணயம் ஆடவில்லை. தொக் தொக் என்று ஏதோ அடிக்கிறது. அணைத்து, ஆறவைத்து, கவிழ்த்தோம். நாலணா வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. இரண்டே வாரத்தில். எலுமிச்சைத் தோலோடு இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டினோம். காசு வெளியே வந்தது.

மார்ச் 31
அவர் வந்தார்.

மத்தியானம் இரண்டரை, வெயிலில் ரோட்டில் ஒருவரும் இல்லை. தோண்டின பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சுற்றி வந்தார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். மச்சான் டீ கொடுத்தான். குடித்துவிட்டு, "அண்ணாச்சி, உங்களுக்குத் தூள் எங்கேருந்து வருது?" என்றார். பதினோரு வருஷம் கழித்து முதல் பேச்சு.

எங்கிருந்தென்று சொன்னேன். "எனக்கும் அங்கேருந்துதான். மட்டத் தூள் குடுத்துட்டானோன்னு நெனச்சேன். எல்லாரும் துவர்க்குதுங்காங்க. நாக்கு காயுதுங்காங்க."

அவர் டீ போடுகிற விதம் எனக்குத் தெரியும், எதிரே இருந்து பார்த்தது பார்த்தபடி. என் மாதிரி துணி வடிகட்டியில் டிக்காஷன் இறக்க மாட்டார். தண்ணீரில் இஞ்சி தட்டிப் போட்டு முதலில் கொதிக்கவிடுவார். பச்சை இஞ்சியைப் பாலில் போட்டால் திரிந்துவிடும், கொதித்த இஞ்சி திரிக்காது. அப்புறம் தூள், என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு. ஆறு ஏழு நிமிடம் விட்டு வேகவைப்பார். பிறகு பால், மறுபடி கொதி. புதுக் குழாய் வரும்வரை அவருக்குத் தொட்டித் தண்ணீர்தான். அதில் அத்தனை தூளும் அத்தனை நேரமும் இல்லாமல் டீ இறங்காது. அந்த முரட்டுத் தண்ணீருக்கென்றே பழகின கை அவருடையது. சொன்னால் அவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு கிலோ தூள் எனக்கு வருகிற நாளுக்கு அவருக்கு வராதே என்று நான் அவரைக் கேலி செய்ததெல்லாம் உண்டு.

அதே தூளை, அதே ஏழு நிமிடம், ஆற்றுத் தண்ணீரில் வேகவைத்தால்? உள்ளே இருக்கிறதெல்லாம் இறங்கிவிடும். துவர்க்காமல் என்ன செய்யும்?

நான் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கிளாஸின் அடியைப் பார்த்தார்.

"தூளக் கொறச்சும் பாத்தேன் அண்ணாச்சி. துவர்ப்பு போச்சு. கூடவே கட்டியும் போச்சு. எங்கடை டீ மாதிரியே இல்ல."

பிறகு, "போர்டு எழுத எழுநூறு ரூவா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கட்டு வலித்தது.

ஏப்ரல் 1
சொன்னால் நம்ப மாட்டார்கள் இந்தத் தேதியில். காலை நாலு மணிக்கு மச்சான் தொட்டியில் இரண்டு கேன் பிடித்து எதிரே கொண்டுபோனான். எதிர்க்கடைப் பையன் குழாய்த் தண்ணீர் இரண்டு கேன் பிடித்து இங்கே வந்தான். நடு ரோட்டில், பள்ளத்தின் மேல் போட்ட பலகையில், இரண்டு பேரும் யார் முதலில் போவது என்று நின்றார்கள்.

ஏப்ரல் 3
ஏழு மணி: இங்கே பன்னிரண்டு, அங்கே பத்து. அக்காக்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு இஞ்சி பழகிப்போச்சு.

ஏப்ரல் 5
பங்குனித் திருவிழா கொடி ஏறியது. கட்டு பிரிய இன்னும் எட்டு நாள்.

ஏப்ரல் 6
போர்டைக் கழற்றவில்லை அவர். "சீவலப்பேரித் தண்ணீரில்" என்பதை மட்டும் வெள்ளை பெயிண்டால் அடித்திருக்கிறார். வெயிலில் எழுத்து அடியில் தெரிகிறது. இப்போது "தயாரித்த டீ" என்று நிற்கிறது. பொய் இல்லை.

ஏப்ரல் 8
தார்ப்பாய் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் பக்கம்தான் தப்பு.

ஏப்ரல் 13
கட்டைப் பிரித்தார்கள். கை என்னுடையது மாதிரி இல்லை, மெலிந்து, தோல் உரிந்து. மணிக்கட்டு திரும்பவில்லை. ரப்பர் பந்தை அழுத்திப் பழக வேண்டும், நாளுக்கு நூறு தடவை. பதினேழோடு நிறுத்தினேன்.

ஏப்ரல் 14
சித்திரை பிறந்தது. வெறும் தண்ணீரை வைத்து ஆற்றிப் பார்த்தேன். சட்டை நனைந்தது. மச்சான் பார்க்காதது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இப்போது தெறிக்காமல் ஆற்றுகிறான். எப்போதிலிருந்து என்று நான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 16
ராத்திரி ஒன்று நாற்பது. குழாய் இரைகிற சத்தம். எங்கள் வரிசையா, எதிர் வரிசையா, தெரியவில்லை. இவள் எழுவதற்குள் நான் குடத்தை எடுத்துக்கொண்டு, இடது கையால்தான்,