அரக்குச் சேலையைப் பச்சையாக்கிப் பார்த்தது

வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்கா, தம் திருமண வரவேற்பில் எடுத்த தனிப்படத்தை அனுப்பி, அதிலுள்ள அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம் சேலையைக் கிளிப்பச்சையாக மாற்றித் தரும்படி கேட்டார். "கரையில இருக்கிற மாங்காய் ஒண்டும் கெடக்கூடாது, தம்பி" என்பது அவர் இட்ட ஒரே நிபந்தனை. GIMP என்னும் படத்திருத்த மென்பொருளில் மூன்று இரவுகள் இதற்குப் போயின.

முதல் இரவு வீணானது. கைபேசிச் செய்தியில் வந்த நகலையே எடுத்து, Hue-Saturation கருவியில் சிவப்பை மட்டும் தெரிவுசெய்து நகர்த்தினேன். சேலையோடு உதடும் பொட்டும் பச்சையாயின. கன்னத்திலும் ஒரு நோயாளிச் சாயல் ஏறியது. தோலின் நிறமும் சிவப்பை அடுத்தே இருப்பதால் இது நேர்ந்தது. அதைவிடக் கரைதான் மோசமாக இருந்தது. JPEG கோப்பில் வெளிச்ச விவரம் முழு நுணுக்கத்தோடு சேமிக்கப்பட்டாலும், நிற விவரம் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படுகிறது. ஓரிரு புள்ளி அகலமே உள்ள சரிகை இழைகளின் பொன்னிறமும் இடையிலுள்ள அரக்கும் அதனால் முன்பே ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தன. படம் எடுத்தவரிடமிருந்து முழு அளவுக் கோப்பை வாங்கிய பின்னரே வேலை நகர்ந்தது.

இரண்டாம் இரவு, கரையைத் தூரிகையால் வெட்டி ஒதுக்க முயன்று கைவிட்டேன். மாங்காய் ஒவ்வொன்றின் உள்ளேயும் அரக்குப் பட்டு எட்டிப் பார்க்கும். அதையும் மாற்றாவிட்டால் பச்சைச் சேலையின் ஓரத்தில் பழைய துணியைத் தைத்தது போலிருக்கும். ஆகவே படத்தின் நகலொன்றை Decompose மூலம், ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியே காட்டும் LAB ஆகப் பிரித்தேன். அதில் கிடைக்கும் A என்னும் சாம்பல்நிறப் படம், பச்சையிலிருந்து சிவப்பு நோக்கிய அளவைக் காட்டுவது. அரக்கு அதில் வெளுத்துத் தெரிய, சரிகை நடுச்சாம்பலை ஒட்டி நின்றது. தோல் இரண்டிற்கும் இடையில் விழுந்தது. Levels கருவியால் சரிகையும் தோலும் கறுக்கும்வரை இறுக்கி, உதடு, பொட்டு, கைகள் ஆகியவற்றைக் கறுப்பால் பூசியபோது, வெள்ளையான இடத்தில் மட்டும் மாற்றத்தை அனுமதித்து, ஒவ்வோர் இழையையும் தனித்தனியே மதிக்கும் முகமூடி கிடைத்தது. கையால் வரைந்திருந்தால் ஒரு மாதத்திலும் அது வந்திராது.

அந்த முகமூடியை இட்டு, மேலே ஒரு பச்சைப் படலத்தை LCh Color முறையில் வைத்தேன். மடிப்புகளின் நிழல் அப்படியே இருந்தும் சேலை மெழுகுத் துணி போலத் தெரிந்தது. கொய்யகத்தின் முகட்டைப் பெரிதாக்கிப் பார்த்த பின்னரே காரணம் விளங்கியது. பட்டு மினுங்கும் இடத்தில் நிறம் வெளிறி, ஏறத்தாழ வெள்ளையாகிவிடும். மடிப்பின் உட்புறத்திலோ துணியின் ஒளி துணியிலேயே பட்டுத் திரும்புவதால் நிறம் செறிந்திருக்கும். LCh Color நிறச்செறிவையும் சேர்த்தே மாற்றுவதால், மினுக்கமும் குழியும் ஒரே அளவு பச்சையைப் பூசிக்கொண்டன. LCh Hue என மாற்றியவுடன் நிறத்தின் திசை மட்டுமே திரும்பி, பழைய செறிவு அவ்வவ்விடத்தில் நின்றது. பட்டு மீண்டும் பட்டாயிற்று.

ஆனால் வந்தது கிளிப்பச்சை அன்று, போத்தல் பச்சை. வெளிச்சம் பட்ட இடத்திலும் அரக்கின் ஒளிர்வு நூற்றுக்கு முப்பதை ஒட்டியே இருந்தது. கிளிப்பச்சைக்கு அறுபதாவது வேண்டும். மூன்றாம் இரவு அதே முகமூடியோடு Curves கருவியால் நடுப்பகுதியை உயர்த்திப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியதும், இருண்ட மடிப்புகளுக்குள் அதுவரை மறைந்திருந்த JPEG கட்டங்கள் தாயக் கோடு போட்டது போல வெளிவந்தன. நிழலின் அடிப்பகுதியை அசையாமல் கட்டிவைத்து நடுவை மட்டும் தூக்கினால் மடிப்புகள் அளவுக்கு மீறி ஆழமாகத் தெரிகின்றன. நாற்பதோடு நிறுத்தி, இலைப்பச்சைக்கு அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். வெளிர் சேலையை இருண்டதாக்குவதில் இந்த வில்லங்கம் இல்லை.

எஞ்சியது தோலில் விழுந்திருந்த அரக்கின் சாயல். தாடையின் அடியிலும் முன்கையின் உட்புறத்திலும் சிவப்பு ஒளி நின்றதால், முகம் வேறொரு படத்திலிருந்து ஒட்டியது போலிருந்தது. நெற்றியின் நிறத்தை எடுத்து, LCh Color முறையிலான தனிப்படலத்தில், 10 சதவீதச் செறிவே உள்ள தூரிகையால் நாலைந்து தடவை மெல்லத் தடவினேன்.

அக்கா படத்தைத் திரையில் பெரிதாக்கி, கரையை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். மாங்காய்களில் குறை காணவில்லை. பிறகு கேட்டார்: "காப்பு ஏன் இன்னும் சிவந்து கிடக்குது?" பொற்காப்பின் கீழ்வளைவில், பழைய சேலை அப்படியே பிரதிபலித்துக்கொண்டிருந்தது.