எதை வாங்கினால்?

மாலையில் தாராவி, அண்ணாச்சியின் பலகாரக் கடை. கல்லாவுக்கு முன்னால் நின்ற அக்கா மேலே ஓடும் விளம்பரத் திரையை நிமிர்ந்து பார்த்தார். "வாங்கினால் கால் கிலோ இலவசம்."

எதை வாங்கினால்? அது முந்தைய ஸ்லைடில் போய்விட்டது. மறுபடி வருவதற்குள் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்.

அந்த ஸ்லைடுகளை எழுதியவன் நான். மனசு கேட்கவில்லை.

அங்கேயே நின்று கவனித்தேன். பில் போட்டுக் கிளம்ப ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. என் சுற்றோ 48 நொடி, 6 ஸ்லைடு. ஓடிக்கொண்டே இருக்கும் திரைக்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. வருகிறவர் எப்போதும் நடுவில்தான் நுழைகிறார். எடுத்துச் சொல்லக் குரலும் இல்லை. அப்படியானால் ஒவ்வொரு ஸ்லைடும் தனியாகவே முழுச் சேதியையும் சொல்லியாக வேண்டும்.

இரவே மாற்றினேன். 2 ஸ்லைடு, தலா 10 நொடி. படம்தான் வேறு, வரிகள் ஒன்றே:

மைசூர்பாகு 1 கிலோவுக்கு
மிக்சர் கால் கிலோ இலவசம்
ஞாயிறு வரை

வாய்க்குள் நிதானமாக இரண்டு முறை படித்தேன். 10 நொடிக்குள் முடிந்தது. முடியாவிட்டால் ஒரு சொல்லைக் குறைப்பேன், நேரத்தைக் கூட்டமாட்டேன்.

"கடைப் பேரு ஸ்லைடு எங்க தம்பி?"

"பேரைப் பார்த்துத்தானே அண்ணாச்சி உள்ளேயே வந்தாங்க."

சரி என்றார்.