ஒன்றே முக்கால் நிமிட இசை, மூன்று நிமிடப் படம்

மார்ச் 3, செவ்வாய்

புத்தகம் கட்டும் முதியவர் ஒருவரைப் பற்றிய குறும்படத்தின் படத்தொகுப்பு முடிந்துவிட்டது. நீளம் 3 நிமிடம் 12 விநாடி. அதற்காக முறையாக உரிமம் வாங்கி வைத்திருக்கும் இசையோ 1 நிமிடம் 44 விநாடியில் முடிந்துவிடுகிறது. கிதார், புல்லாங்குழல், மெல்லிய தாளம். படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக வேறொன்று கிடைக்காது என்பதால் இதையே நீட்டப் பார்க்கிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நடுவில் நன்றாக இருந்த 20 விநாடியை வெட்டி, நான்கு முறை அடுத்தடுத்து ஒட்டினேன். ஒட்டுத் தெரியாமல் இருக்க ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு விநாடி நீளத்துக்கு ஒன்று கரைய மற்றொன்று எழும்படி வைத்தேன். கேட்டால் பரிதாபம். அந்த ஒரு விநாடியில் இரண்டு தாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. நடுவில் ஒலியும் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுகிறது. இரண்டு வெவ்வேறு ஒலிகளை நேர்கோட்டில் ஏற்றி இறக்கினால் நடுப்புள்ளியில் 3 டெசிபல் குறையும் என்று தெரிந்திருந்தும் செய்தேன், சோம்பல்தான். இதற்கு மேல், மூன்றாவது சுற்றுக்குள் அந்த 20 விநாடி முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பார்ப்பவருக்கும் அப்படித்தான் ஆகும்.

கடைசி ஐந்து விநாடியில் ஒலியை மெல்லக் குறைத்து முடித்தேன். முதியவர் புத்தகத்தை மூடும் காட்சியில், யாரோ வானொலியைத் தணித்துவிட்டு வெளியே போனதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

இன்று வெட்டவே இல்லை, எண்ணினேன். இசைக்கு நிமிடத்துக்கு 96 தட்டு. ஒரு தட்டுக்கு 0.625 விநாடி, நான்கு தட்டு சேர்ந்த ஒரு பாருக்கு 2.5 விநாடி. கணினியில் தாளம் வைத்துச் செய்த இசை என்பதால் கடைசிவரை வேகம் மாறவில்லை. 40ஆவது பாருக்குப் பிறகும் தட்டு, கோட்டின் மேலேயே வந்து விழுகிறது. மனிதர்கள் சேர்ந்து வாசித்த பதிவாக இருந்தால் இந்தக் கணக்கு பத்துப் பாருக்குள் நழுவியிருக்கும். ஒவ்வொரு வெட்டையும் அலை வடிவத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

பிறகு பாட்டுக்கு வைப்பதுபோல் பகுதிகளுக்குப் பெயர் வைத்தேன். தாளமில்லாத முன்னிசை 8 பார், பல்லவி 8, சரணம் 8, தாளம் ஓய்ந்த இடையிசை 4, மறுபல்லவி 8, முடிவு 4. ஆக 40 பார், 100 விநாடி. 100ஆவது விநாடியில் கடைசி மீட்டல் விழுந்து, அதன் கார்வை நான்கு விநாடி நிற்கிறது.

இந்தப் பட்டியலை எழுதிப் பார்த்த பிறகுதான் நேற்று செய்த தவறின் வடிவம் தெரிந்தது. சின்னத் துண்டைப் பலமுறை ஒட்டினால் இணைப்பும் கூடும், திரும்பிவருவதும் சீக்கிரம் தெரியும். நீளமான பகுதியை இசையமைத்தவர் வைத்த வரிசையிலேயே இன்னொரு முறை ஓடவிட்டால் இணைப்பு ஒன்றிரண்டோடு நின்றுவிடும். கேட்பவருக்கு அது திரும்பவருவதாகத் தோன்றாது, இரண்டாவது சரணமாகத் தோன்றும். பாட்டு கேட்டுப் பழகிய காது இரண்டாவது சரணத்தை எதிர்பார்த்துத்தானே இருக்கிறது?

மார்ச் 5, வியாழன்

வேலையைப் பின்னாலிருந்து தொடங்கினேன். படத்தில் புத்தகம் மூடப்படுவது 3:07இல், அதாவது 187ஆவது விநாடியில். கடைசி மீட்டல் அங்கேதான் விழ வேண்டும். கார்வை 191 வரை போகும். படம் 192இல் முடிகிறது. இடம் இருக்கிறது.

அப்படியானால் 100 விநாடியை 187ஆக்க வேண்டும். 87 விநாடி கூடுதல் என்றால் 34.8 பார். அரைகுறைப் பார் உதவாது. முழுப் பார் என்பதும் போதாது. இந்த இசை நான்கு நான்கு பாராக மூச்சு விடுகிறது, அதனால் கூடுதல் 32 ஆக வேண்டும் அல்லது 36 ஆக வேண்டும். 36 என்றால் கடைசி மீட்டல் 190இல் விழுந்து, கார்வை படத்தைத் தாண்டிவிடும். 32 என்றால் 180இல் விழும். ஏழு விநாடி முந்திவிடும்.

வேகத்தைச் சற்றுக் குறைத்து 180ஐ 187ஆக இழுக்கலாமா என்று பார்த்தேன். கிட்டத்தட்ட 4 விழுக்காடு. கிதார் நரம்பைத் தொடும் முனை மழுங்கிக் கேட்டது. வேண்டாம் என்று விட்டேன்.

அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: இசை ஏன் படத்தின் முதல் விநாடியிலேயே தொடங்க வேண்டும்? முதல் ஏழு விநாடி முதியவர் அழுத்துப்பொறியின் திருகைச் சுற்றுகிறார். அந்தக் கிறீச்சொலி தனியாக இருக்கட்டும். இசை 7ஆவது விநாடியில் தொடங்கினால் 180 விநாடி ஓடி, சரியாக 187இல் போய் விழும். படமும் இப்போது முன்பைவிட நன்றாகத் தொடங்குகிறது. இது திட்டமிட்டு வந்ததில்லை, வகுத்தலில் மிஞ்சிய மீதி தந்தது.

புதிய வரிசை: முன்னிசை, பல்லவி, சரணம், இடையிசை, மறுபல்லவி, மீண்டும் முன்னிசை, பல்லவி, சரணம், இடையிசையை விட்டுவிட்டு நேரே மறுபல்லவி, முடிவு. 72 பார். இதில் மூலத்தில் இல்லாத இணைப்பு இரண்டே இரண்டுதான். மறுபல்லவியிலிருந்து முன்னிசைக்கு ஒன்று, சரணத்திலிருந்து மறுபல்லவிக்கு ஒன்று.

மார்ச் 6, வெள்ளி

படத்தொகுப்பு மென்பொருளிலேயே ஒலியை வெட்டப் போய் ஒரு மணி நேரம் வீண். படம் விநாடிக்கு 25 சட்டகம். ஒரு பார் 62.5 சட்டகம். வெட்டு சட்டக எல்லையில்தான் விழுவேன் என்றால், ஒற்றைப் பார்களில் 20 மில்லிவிநாடி தள்ளிப்போகிறது. தட்டு ஒன்று இரண்டாகப் பிளந்து கேட்க அது போதும். ஒலியை மட்டும் ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோய்விட்டேன். எம்பி3யை ஒதுக்கிவிட்டு வேவ் கோப்பை எடுத்தேன். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு மௌனம் கணக்கைக் கெடுக்கும்.

மார்ச் 7, சனி

முதல் இணைப்பு. மூலக் கோப்பின் 90ஆவது விநாடியிலிருந்து தொடக்கத்துக்குத் தாவ வேண்டும். சுரம் பொருந்துகிறது, தட்டு பொருந்துகிறது, ஆனால் கேட்டால் கத்தியால் அறுத்ததுபோல் இருக்கிறது. காரணம் எதிரொலி. மறுபல்லவியின் கடைசித் தட்டு அறை நிறைய முழங்கிக்கொண்டிருக்கும்போது வெட்டுகிறேன்; அடுத்து வரும் முன்னிசையோ மௌனத்திலிருந்து பிறந்தது. அதற்குப் பின்னால் எந்த முழக்கமும் இல்லை. பழைய துண்டை இன்னும் கொஞ்சம் ஓடவிடலாம் என்றால், 90ஆவது விநாடியிலேயே முடிவுப் பகுதியின் புதிய மீட்டல் வந்துவிடுகிறது.

மருந்து இதுதான். மறுபல்லவியின் கடைசி ஒரு தட்டை மட்டும் நகலெடுத்துத் தனித் தடத்தில் வைத்தேன். அதற்கு எதிரொலி விளைவைப் போட்டேன். மூல ஒலி துளியும் வராமல் எதிரொலி மட்டும் வரும்படி, ஏறக்குறைய இரண்டு விநாடியில் அடங்கும்படி. அந்த வாலை முன்னிசையின் தொடக்கத்துக்கு அடியில் விரித்துவிட்டேன். முதலில் வால் பளபளவென்று தனியாகத் தெரிந்தது. மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் அடக்கியதும் அந்த அறையின் ஒலியாகவே ஆகிவிட்டது.

இந்த இணைப்பு படத்தில் 1:37இல் வருகிறது. தாளம் சட்டென்று ஓய்வது அங்கே கேட்கத்தான் செய்யும், அதை மறைக்க முடியாது. பசை காய முதியவர் காத்திருக்கும் காட்சி மூன்று விநாடி தள்ளி இருந்தது. அதை முன்னால் இழுத்து 1:37இல் தொடங்கவைத்தேன். இப்போது இசை அவருக்காக ஓய்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டாவது இணைப்பு எளிது என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் தாளம் இருக்கிறது. 60ஆவது விநாடியில் விட்டு 70இல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மறுபல்லவி தலையில்லாமல் தொடங்கியது. என்ன குறைகிறது என்று பத்து முறை கேட்ட பிறகுதான் பிடிபட்டது. பல்லவியின் மெட்டு பாரின் முதல் தட்டில் பிறப்பதில்லை. அதற்கு அரைத் தட்டு முன்னால் கிதார் இரண்டு சுரம் எடுத்துக்கொடுக்கிறது. அந்த எடுப்பு இடையிசையின் வாலில் இருக்கிறது, அதை நான் குப்பையில் போட்டிருந்தேன்.

வெட்டை இரண்டு பக்கமும் ஒரு தட்டு முன்னால் நகர்த்தினேன். 59.375இல் விட்டு 69.375இல் பிடித்தேன். எடுப்பு திரும்பிவிட்டது. இடையிசையின் கடைசித் தட்டில் ஒரு சிறு உருட்டலும் இருக்கிறது. சரணத்தின் கடைசிக் குழலொலி அறுபடுவதை அந்த உருட்டல் மூடிக்கொள்கிறது. பலமான அடிக்குச் சற்று முன் வைத்த வெட்டைக் காது மன்னித்துவிடும். கரைப்பு 20 மில்லிவிநாடி போதும், 'டிக்' என்ற ஓசை வராமல் இருக்க. இந்த முறை நேர்கோடு இல்லை, நடுவில் ஒலி பள்ளத்தில் விழாத சம ஆற்றல் வளைவு.

மார்ச் 9, திங்கள்

அக்காவைக் கேட்கவைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. "அந்த மணி மறுபடியும் வருகிறதே" என்றாள்.

பல்லவியின் 6ஆவது பாரில் ஒரே ஒரு மணி ஒலிக்கிறது. முதல் முறை 0:39க்குப் பக்கத்தில், இரண்டாம் முறை 2:09க்குப் பக்கத்தில். ஒன்றரை நிமிட இடைவெளி இருந்தும் காது அடையாளம் கண்டுகொள்கிறது. மெட்டு திரும்பினால் யாரும் கவலைப்படுவதில்லை. ஒற்றை மணி திரும்பினால்தான் மாட்டிக்கொள்கிறோம்.

பல்லவியின் சுர அமைப்பு நான்கு பாராக இரண்டு முறை வருவதால், 6ஆவது பாரும் 2ஆவது பாரும் ஒரே அடித்தளம். இரண்டாம் வருகையில் 6ஐ எடுத்துவிட்டு 2ஐ வைத்தேன். மணி போயிற்று, ஆனால் 7ஆவது பாரில் அடிக்காத மணியின் ரீங்காரம் மட்டும் ஆவிபோல் அலைந்தது. ஆகவே 6, 7 இரண்டுக்கும் பதிலாக 2, 3. 8ஆவது பாரில் ரீங்காரம் அடங்கிவிடுகிறது. சரணத்துக்கு அழைத்துப்போகும் உருட்டல் அங்கே இருப்பதால் 8ஐத் தொடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கண்ணை மூடி, காலால் தட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். கால் எங்கும் தடுமாறவில்லை.

அக்காவிடம் இந்த முறை உண்மையைச் சொன்னேன். "இசையை நீட்டியிருக்கிறேன், ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடி." இரண்டு முறை கேட்டுவிட்டு, உறுதியாக 1:17ஐக் காட்டினாள். இடையிசை முடிந்து மறுபல்லவி தொடங்கும் இடம். அது இசையமைத்தவரே போட்ட இணைப்பு; நான் அதைத் தொடவே இல்லை. படத்தை அனுப்பிவிட்டேன்.