நவம்பரில் நகரும் ஒரு மணி நேரம்

"அண்ணாச்சி, கடிகாரத்த மாத்துனது அவுக. ஒம்பதரைக்கு உக்காருதது மட்டும் நாமளா?"

எங்கள் பாளையங்கோட்டை டீமில் இருக்கும் பெண் கேட்டது. நவம்பர் முதல் ஞாயிறன்று கலிபோர்னியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். மீட்டிங் அழைப்பு அவர்கள் ஊர் நேரத்தில், காலை 8 மணி என்று பதிந்திருப்பதால், அதுவரை நமக்கு இரவு 8.30க்கு இருந்தது 9.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படித்தான். அவருக்கு அது பிள்ளையைத் தூங்கவைக்கிற நேரம்.

"கஸ்டமர் அவுகல்லாம்மா" என்றேன். அவர் பேசவில்லை. நான் சொன்னது உண்மைதான், இன்றும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் அவர் கேட்டது கஸ்டமர் யார் என்றல்ல. அழைப்பை இந்திய நேரத்தில் பதிந்தால் நமக்கு 8.30 அப்படியே நிற்கும், அவர்களுக்குக் குளிர்காலத்தில் காலை 7 மணி ஆகும். அதைக் கேட்டுப் பார்க்கலாமே என்பதுதான் அவர் கேள்வியின் பொருள்.

கேட்டேன். அங்குள்ள மேனேஜர் மறுக்கவில்லை. தினசரி மீட்டிங் வாரம் இரண்டானது. ஒன்று நம் இரவு 8.30க்கு. இன்னொன்று நம் காலை 7 மணிக்கு, அவர்களுக்குக் குளிர்காலத்தில் முந்தின நாள் மாலை 5.30. மற்ற நாட்களில் வேலையை எழுதிக் கைமாற்றுவது என்று முடிவு.

அப்புறம்தான் அந்த டேட்டா லோடு, ஒரு ஃபைலின் வரிகளை பேட்ச் பேட்சாக சிஸ்டத்தில் ஏற்றுகிற வேலை. ஒரு நாள் மாலை பாதியில் நின்றுவிட்டது. "லோடு பாதியில் நிற்கிறது, பார்த்துக்கொள்ளவும்" என்று குறிப்பு போனது. அவர்கள் காலையில் வந்து முதலிலிருந்து ஓட்டினார்கள். ஏற்கெனவே ஏறியிருந்த வரிகள் எல்லாம் இரண்டிரண்டாக ஆயின. மொத்த எண்ணிக்கை மூல ஃபைலைவிட அதிகமாக இருந்ததால்தான் கண்டுபிடித்தோம். பேசியிருந்தால் ஒரே கேள்வியில் முடிந்திருக்கும்: "எந்த பேட்ச் வரை ஏறிச்சு?"

இப்போது குறிப்பில் நான்கு விஷயம் இல்லாமல் நான் விடுவதில்லை. எந்த பேட்ச் வரை ஏறியது, எங்கிருந்து தொடர வேண்டும், எதைத் தொடக்கூடாது, வேலை இப்போது யார் கையில். வாங்குகிறவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பி எழுத வேண்டும். வெறும் 'சரி' போதாது. படிக்காமலே சரி போட்டுவிடலாம்.

திருப்பி எழுதும்வரை வேலை கொடுத்தவர் கையில்தான். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நாம் மாலை 6.30க்குக் கிளம்புகிறோம். குளிர்காலத்தில் அவர்கள் உட்காரும்போது நமக்கு 9.30. இடைப்பட்ட மூன்று மணி நேரமும் பொறுப்பு குறிப்பு எழுதிய அந்தப் பெண்ணிடம், பதில் வந்ததா என்று போனைப் பார்த்தபடி. மீட்டிங்கை எடுத்துவிட்டு அதே ஒன்பதரையை வேறு வழியில் அவர் தலையில் வைத்தேனா? இல்லை, பெரும்பாலான நாட்கள் ஒரு நிமிடத்தில் முடிகிறது என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறேன். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்ல அண்ணாச்சி" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.